தமிழ்வழிப் படிப்பும் 11 நிமிட போன் நேர்காணலும்: மண்டபம் பக்கத்துப் பெண் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர் 21 வயதுப் பெண். ஊர் மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில், வடகடல் பக்கம். அப்பா நாட்டுப்படகில் நண்டு வலைக்குப் போகிறவர். 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழி. அப்புறம் ராமநாதபுரத்தில் ஒரு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல். அந்தப் படிப்பு காகிதத்தில் ஆங்கிலவழி. வகுப்பில் பாடம் நடந்தது தமிழில். புத்தகமும் பரீட்சையும் ஆங்கிலத்தில். எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் இதுதான் வழக்கம். மூன்று வருடம் ஆங்கிலத்தில் எழுதித் தேறிய ஒருவர், ஆங்கிலத்தில் ஒரு நிமிடம் தொடர்ந்து பேசியதே இல்லை என்பது இங்கே சாதாரணம்.

நானும் அந்தக் கரையைச் சேர்ந்தவள். சென்னையில் ஒரு நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் நிறுவனத்துக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இல்லை. உறவுக்காரர் மூலம் இந்தப் பெண் என்னிடம் வந்தபோது, ஓ.எம்.ஆர். சாலையில் இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவுக்கு விண்ணப்பித்து, முதல் போன் சுற்றிலேயே நின்றுவிட்டிருந்தார். அவர் போனில் அழைப்புகள் தானாகப் பதிவாகும். அந்தப் பதிவை எனக்கு அனுப்பினார். இந்த ஆய்வு அதிலிருந்துதான் தொடங்குகிறது.

பதிவில் கேட்டது

அழைப்பு மொத்தம் 11 நிமிடம். முதல் கேள்வி எல்லோரும் எதிர்பார்ப்பதுதான்: உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். அதற்கு அவர் ஒரே மூச்சில் ஒப்பித்தார். மைசெல்ஃப் இன்னார், ஐ ஆம் ஃப்ரம் ராம்நாட் டிஸ்ட்ரிக்ட், மை ஃபாதர் இஸ் எ ஃபிஷர்மேன், மை மதர் இஸ் எ ஹவுஸ்வைஃப், மை ஹாபி இஸ் ரீடிங் புக்ஸ். அடுத்த கேள்வி கல்லூரி இறுதியாண்டு ப்ராஜெக்ட் பற்றி. அங்கே அமைதி. ஐந்தாறு நொடி இருக்கும், ஆனால் போனில் அது நெடுநேரம். அதற்குப் பிறகு, "சாரி சார், ஐ ஆம் தமிழ் மீடியம்."

எதிர்முனையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். நேரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மறுபடி அமைதி. நான் பேசுவது கேட்கிறதா என்றார். கேட்கிறது என்றார் இவர். இன்னும் இரண்டு கேள்விகள் அதே மாதிரி போயின. பிறகு தகவல் சொல்கிறோம் என்று முடித்துவிட்டார்கள். தகவல் வரவில்லை.

அதே ப்ராஜெக்ட்டைத் தமிழில் சொல்லச் சொன்னேன். நூலகத்தில் புத்தகம் எடுப்பவர் பட்டியல், திருப்பித் தர வேண்டிய தேதி, தாமதக் கட்டணம் என்று தங்குதடையில்லாமல் விளக்கினார். கேள்வி புரிந்திருந்தது, பதிலும் தெரிந்திருந்தது. "அக்கா, வார்த்தைகூட தெரியுது. வாய்க்கு வர மாட்டேங்குது" என்றார்.

முதல் சுற்றில் பேசுகிறவர்கள் இலக்கணப் பிழையை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. கேட்டது புரிகிறதா, பதில் வர எவ்வளவு நேரமாகிறது, சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்ல வேண்டியிருக்கிறதா, இவற்றைத்தான் குறித்துக்கொள்வார்கள். போனில் முகம் தெரியாது. அமைதி வந்தால், கேள்வி புரியவில்லையா, விஷயம் தெரியவில்லையா, ஆங்கிலம் வரவில்லையா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. அந்த நேரத்தில் "சாரி, தமிழ் மீடியம்" என்று சொன்னால், சந்தேகப்பட்ட மூன்றுக்கும் சேர்த்து அவரே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுகிறது. தமிழ்வழியில் படித்தது இங்கே வாய்ப்பைக் கெடுக்கவில்லை. அது வந்த இடமும் வந்த விதமும்தான் கெடுத்தன.

அமைதி எங்கிருந்து வந்தது

அவர் முழு வாக்கியத்தையும் தமிழில் கட்டி முடித்துவிட்டு, பிறகு அதை ஆங்கிலமாக்கப் பார்த்தார். தமிழில் வினை கடைசியில் வரும். "எங்க காலேஜ் லைப்ரரியில புத்தகம் எடுக்கறவங்க விவரத்தை வச்சுக்க ஒரு ப்ரோக்ராம் செஞ்சோம்" என்பதில் "செஞ்சோம்" கடைசி. ஆங்கிலத்தில் அது இரண்டாவதாகவே வந்தாக வேண்டும். அதனால் மனதில் வாக்கியம் முடியும்வரை வாயில் முதல் வார்த்தைகூட வராது. வாக்கியம் நீளமாக இருந்தால் அமைதியும் நீளும்.

இதற்குத் தீர்வு, ஆங்கிலத்தில் யோசி என்று சொல்வதல்ல. அப்படிச் சொல்லி யாருக்கும் வந்துவிடாது. வாக்கியத்தை யோசிக்கும்போதே துண்டாக்கச் சொன்னேன். யார், என்ன செய்தார்கள், அவ்வளவுதான் முதல் துண்டு. வீ மேட் எ ப்ரோக்ராம். இட் வாஸ் ஃபார் அவர் காலேஜ் லைப்ரரி. இட் கெப்ட் எ லிஸ்ட் ஆஃப் பாரோட் புக்ஸ். மூன்றும் சின்ன வாக்கியங்கள். பள்ளிக்கூடத்தில் இப்படி எழுதினால் மதிப்பெண் குறையும் என்று அவர் தயங்கினார். போனில் கேட்கிறவருக்கு இதைவிட வசதியான பேச்சு கிடையாது.

கூடவே, அமைதிக்குப் பதிலாக வைக்க இரண்டு வாக்கியங்கள். ஒன்று, கேள்வியைத் தன் வாயால் திரும்பச் சொல்வது: "யூ ஆர் ஆஸ்கிங் அபௌட் மை ப்ராஜெக்ட், ரைட்?" இன்னொன்று, "குட் யூ ஸே தட் ஒன்ஸ் மோர், ப்ளீஸ்?" முதலாவது யோசிக்க நேரம் தரும், கேள்வி புரிந்தது என்றும் காட்டிவிடும். இரண்டாவதைச் சொல்ல அவருக்கு வெட்கம் போகவே நாளாயிற்று. எங்கள் பள்ளிகளில் வாத்தியாரிடம் திரும்பக் கேட்பது தப்பு மாதிரி வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் உதவிப் பிரிவு வேலையில் புரியாமலே சரி என்று சொல்கிறவரால்தான் நிறுவனத்துக்குச் சேதம். திரும்பக் கேட்கிறவரை மேலாளர்கள் விரும்பத்தான் செய்கிறார்கள்.

கண்ணால் கற்ற ஆங்கிலம்

இரண்டாவது கோளாறு உச்சரிப்பில் இருந்தது. பலர் நினைப்பதுபோல் அது தமிழ் வாடை பற்றியதல்ல. சென்னை அலுவலகங்களில் நிறையப் பேர் தமிழ் வாடையோடுதான் பேசுகிறார்கள். இவருடைய சிக்கல், நிறைய வார்த்தைகளைப் படித்திருக்கிறார், ஒருமுறைகூடக் காதால் கேட்டதில்லை. "ரிசீட்" என்பதை எழுத்துக்கூட்டி "ரிசிப்ட்" என்றார். "டிடர்மின்" என்பது "டிடர்மைன்" ஆகிவிட்டது. அதே வார்த்தையை இன்னொருவர் சரியாகச் சொன்னபோது, அது தனக்குத் தெரிந்த வார்த்தை என்றே அவருக்குப் பிடிபடவில்லை. அதாவது ஒரே கோளாறு பேசும்போதும் கேட்கும்போதும் இடித்தது.

எல்லா வார்த்தைகளையும் திருத்த முடியாது, தேவையும் இல்லை. வேலைக்கு வேண்டிய வார்த்தைகளை மட்டும் எடுத்தோம். அவர் விண்ணப்பிக்கும் மாதிரி நிறுவனங்களின் உதவிப் பக்கங்களில் திரும்பத் திரும்ப வருபவை: ரிசீட், இன்வாய்ஸ், ரீஃபண்ட், அக்கவுண்ட், ஃபைல், அப்டேட். ஒவ்வொன்றையும் இணைய அகராதியில் இருக்கும் ஒலியை அழுத்திக் கேட்டு, சொல்லி, பதிவு செய்து, இரண்டையும் அடுத்தடுத்து கேட்பது. "ஃபைல்" அவர் வாயில் "பைல்" ஆனது. கீழுதட்டை மேல்பல்லில் தொடவைத்துக் காற்றை விடப் பழகியதும் அது சரியானது.

எண்களுக்குத் தனியாக நேரம் கொடுத்தோம். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் போனில் ஒரே மாதிரி விழும். பதினைந்துக்குக் கடைசி அசையில் அழுத்தம், ஐம்பதுக்கு முதல் அசையில் அழுத்தம். தமிழில் அப்படி அழுத்தத்தால் பொருள் மாறுவதில்லை என்பதால் நம் காது அதைத் தேடுவதே இல்லை. அதனால் காதை மட்டும் நம்பாமல், எண் வந்தால் இலக்கம் இலக்கமாகத் திரும்பச் சொல்லிச் சரிபார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொண்டார்: "ஒன் ஃபைவ்?"

பயிற்சி நடந்த இடத்தையும் சொல்ல வேண்டும். வீட்டில் ஆங்கிலம் பேசினால் "பீட்டர் விடுறா" என்று தம்பியிலிருந்து பக்கத்து வீடு வரை கேலி. அதனால் கூடப் படித்த ஒரு தோழியோடு சாயங்காலம் போனில் கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டார்கள். இது கூடுதல் நன்மை ஆனது. முகம் பார்த்துப் பேசிப் பழகியவர்கள் போன் நேர்காணலில் தடுமாறுவார்கள். இவர்கள் தொடங்கியதே போனில்.

எதைப் பேசிப் பழகுவது

ராமநாதபுரத்தில் ஒரு ஆங்கில வகுப்புக்கும் அவர் போயிருந்தார். அங்கே காலங்களின் அட்டவணையை எழுதவைத்தார்கள், மாசு, இணையத்தின் நன்மை தீமை என்று பேசவைத்தார்கள். அட்டவணை அவருக்குத் தலைகீழாகத் தெரியும். மாசு பற்றிச் சொல்ல அவரிடம் சொந்தமாக எதுவும் இல்லை. மொழியையும் விஷயத்தையும் ஒரே நேரத்தில் தேட வேண்டியிருந்தால் எவருக்கும் பேச்சு நிற்கும்.

அவருக்கு நன்றாகத் தெரிந்தது கடல் வேலை. பாக் விரிகுடாவில் விசைப்படகும் நாட்டுப்படகும் ஒரே நாளில் போனால் வலை அறுபடும், சண்டை வரும். அதனால் ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மீதி நான்கு நாள் நாட்டுப்படகு என்று ஒரு முறை பல வருடமாக இருக்கிறது. இதை சென்னைக்காரர் ஒருவருக்கு ஆங்கிலத்தில் ஒரு நிமிடத்தில் விளக்கச் சொன்னேன். பிரச்சினை என்ன, யார் யார், என்ன ஏற்பாடு, இப்போது எப்படி நடக்கிறது. முதல் வாரம் திணறினார். ஆனால் விஷயத்தைத் தேட வேண்டியதில்லை என்பதால் மொழியில் மட்டும் கவனம் போனது. நேர்காணலில் "மை ஃபாதர் இஸ் எ ஃபிஷர்மேன்" என்று சொல்லிவிட்டு வாய் மூடியவருக்கு, அதற்கு அடுத்த மூன்று வாக்கியங்கள் இதிலிருந்து கிடைத்தன.

இன்னொன்று தானாக வெளியே வந்தது. நண்டு எடை போட்டு வியாபாரி தரும் துண்டுச் சீட்டுகளை வீட்டில் கணக்கு நோட்டில் எழுதுவது இவர்தான், பள்ளிக்கூட நாளிலிருந்தே. பெரிய நண்டுக்கு ஒரு விலை, சின்னதுக்கு ஒரு விலை. ஒருமுறை ஒரு வாரச் சீட்டுகளை வீட்டுக் கணக்கோடு ஒப்பிட்டபோது, மொத்த எடை சரியாக இருந்தும் பணம் குறைந்தது. பெரியதில் ஒரு பகுதி சின்னதில் எழுதப்பட்டிருந்தது. எந்த நாள், எவ்வளவு என்று தனித்தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்திருக்கிறார். அப்பா பேசி, அடுத்த பட்டுவாடாவில் சரிசெய்துகொண்டார்.

வாடிக்கையாளர் உதவி வேலை அச்சு அசலாக இதுதான். முரண்பாட்டைக் கண்டுபிடி, எங்கே என்று காட்டு, சண்டையில்லாமல் முடி. இதை அவர் தன் விண்ணப்பத்தில் எழுதியிருக்கவில்லை. அதெல்லாம் வேலையா அக்கா என்று கேட்டார். அதற்குப் பதிலாக எழுதியிருந்தது, "குட் கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்", "ஃப்ளூயன்ட் இன் இங்லிஷ்". இரண்டாவதை முதலில் எடுக்கச் சொன்னேன். ஒரு நிமிடப் பேச்சில் பொய்யாகிவிடும் வரி அது. அதோடு மற்ற வரிகள்மேலும் சந்தேகம் வந்துவிடும். பதிலுக்கு எழுதியது: ஆங்கில வாசிப்பும் எழுத்தும் வேலைக்குப் போதுமான அளவு, ஆங்கிலப் பேச்சு தினமும் பயிற்சியில். நண்டுக் கணக்கில் தவறு கண்டுபிடித்ததையும் ஒரு வரியாகச் சேர்த்தோம்.

தமிழ்வழி என்பதை எப்போது, எப்படிச் சொல்வது

இங்கே ஒரு இடைக்குறிப்பு. நம் பிள்ளைகள் பலர் தமிழ்வழியில் பயின்ற சான்றிதழைத் தனியார் நிறுவன விண்ணப்பத்தோடும் இணைக்கிறார்கள். அது தமிழ்நாடு அரசுப் பணிகளுக்கானது. 2010இல் வந்த சட்டப்படி தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பள்ளியிலிருந்தே தமிழ்வழியாக இருக்க வேண்டும், பட்டத் தகுதிப் பணி என்றால் பட்டமும் தமிழ்வழியில் வாங்கியிருக்க வேண்டும். இந்தப் பெண்ணின் நிலையைப் பாருங்கள். பட்டப் பணிக்கு அரசிடம் போனால் இவர் ஆங்கிலவழி. சென்னை நிறுவனத்துக்குப் போனால் தமிழ்வழி. இரண்டு பக்கமும் அவருக்கு எதிராகவே எண்ணப்படுகிறது. எனக்கு இது ஆறாத விஷயம். அதனால்தான் அவர் பதிலில் பள்ளி, பட்டம் என்ற இரண்டு கட்டங்களும் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

தனியார் நிறுவனத்தில் பெரும்பாலும் பயிற்றுமொழியைக் கேட்பதே இல்லை. கேட்டால் மறைக்கக் கூடாது, கேட்காதபோது தானாக முதல் வாக்கியத்தில் வைக்கவும் வேண்டாம். கேட்கும்போது சொல்ல ஐந்து சிறு வாக்கியங்கள் தயாரித்தோம்.

"மை ஸ்கூலிங் வாஸ் இன் தமிழ் மீடியம். ஐ ஸ்டடீட் அண்ட் ரோட் மை டிகிரி இன் இங்லிஷ். ஐ ரீட் அண்ட் ரைட் இங்லிஷ் எவ்ரி டே. மை ஸ்பீக்கிங் இஸ் ஸ்லோவர் தேன் மை ரைட்டிங். இஃப் ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட், ஐ ஆஸ்க்."

இதில் மன்னிப்பு இல்லை, பெருமையடிப்பும் இல்லை. நான்காவது வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று அவர் கேட்டார். அது இருந்தால்தான் மற்றவை நம்பப்படும் என்பது என் கருத்து. கேட்பவர் அதைத் தன் காதாலேயே கேட்டுக்கொண்டிருக்கிறார். மூன்றாவது வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக, தினமும் ஒரு உதவிப் பக்கத்தைப் படித்து, ஒரு கற்பனை வாடிக்கையாளருக்கு நான்கு வரி பதில் எழுதிப் பழகினார்.

நடுவில் ஒரு சறுக்கல் வந்தது. எல்லாப் பதில்களையும் அவர் மனப்பாடம் செய்துவிட்டார். தோழி பாதியில் குறுக்கிட்டுக் கேட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மனப்பாடத்தை அடையாளம் காண்பது சுலபம்: வேகம் கூடும், ஏற்ற இறக்கம் போய்விடும், இரண்டு முறை கேட்டால் ஒரு சொல்கூட மாறாது. நேர்காணல் செய்பவர்களுக்கு இது உடனே தெரிந்துவிடும், வேண்டுமென்றே குறுக்கிடுவார்கள். அதனால் எழுதிய பதில்களைக் கிழித்துவிட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று சொற்களை மட்டும் ஒரு அட்டையில் வைத்துக்கொண்டார். தோழி ஒவ்வொரு பதிலிலும் கட்டாயம் ஒரு இடத்தில் குறுக்கிட வேண்டும் என்பது ஏற்பாடு. பதில்கள் கொஞ்சம் தடுமாறின, ஆனால் உயிரோடு இருந்தன.

இரண்டாவது நேர்காணல்

வேறொரு நிறுவனம், அதே மாதிரி வேலை. தொடக்கத்தில் மின்னஞ்சலும் சாட்டும், பிறகு போன். விண்ணப்பிக்கும்போதே முழுக்க முழுக்கப் போனில் பேசும் வேலைகளை விட்டுவிடச் சொன்னேன். அவற்றில் முதல் நாளிலிருந்தே வேகமான பேச்சு வேண்டும், அந்த நிலைக்கு அவர் அப்போது வரவில்லை. எழுத்தில் தொடங்கும் வேலையில் அவருடைய பலம் முதலில் தெரியும்.

போன் சுற்றைக் கடந்தார். நேரில் மேலாளர் கேட்டது நேரடியான கேள்வி: ஸ்கூல் தமிழ் மீடியம், எங்கள் வாடிக்கையாளர்கள் வெளிநாட்டில், எப்படிச் சமாளிப்பீர்கள்? அந்த ஐந்து வாக்கியங்கள் வந்தன, வரிசை மாறி. உடனே மேலாளர், எங்கே, கணக்கில் தவறு கண்டுபிடித்ததாக எழுதியிருக்கிறீர்களே என்று நண்டு நோட்டுக்குப் போய்விட்டார். அதற்கு அப்புறம் பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான். "டஸ்" வர வேண்டிய இடத்தில் "டூ" வந்தது, ஒருமை பன்மை குழம்பியது. யாரும் பொருட்படுத்தவில்லை.

கடைசியில் மேலாளர் ஒரு புகாரை வாயால் வாசித்து, பதில் எழுதச் சொன்னார். வாடிக்கையாளரிடம் எடுத்த தொகையை வேகமாகச் சொன்னார். இவர் பேனாவை நிறுத்திவிட்டு, "சாரி, ஒன் ஃபைவ் ஆர் ஃபைவ் ஸீரோ?" என்று கேட்டார். அந்த இடத்தில்தான் முடிவெடுத்தேன் என்று மேலாளர் பிறகு அவரிடமே சொல்லியிருக்கிறார்.

வேலைக்குப் போன பிறகு

மின்னஞ்சலில் அவருக்குச் சிரமம் இல்லை. சிரமம் காலையில் நடக்கும் குழுக் கூட்டத்தில். நேர்காணலில் ஒருவர்தான் கேட்பார், முறையாகக் கேட்பார். கூட்டத்தில் ஐந்து பேர் ஒருவர்மேல் ஒருவர் பேசுவார்கள், பாதி வாக்கியத்தில் நிறுத்துவார்கள், சிரிப்பார்கள். முதல் மாதம் அவர் அங்கே வாயைத் திறக்கவில்லை. குழுத் தலைவரிடம் சொல்லித் தன் முறையை முதலில் வைத்துக்கொண்டார். நேற்று முடித்தது ஒன்று, இன்று செய்வது ஒன்று, தடை இருந்தால் அது. மூன்று வாக்கியங்கள், எல்லோரும் சூடு பிடிக்கும் முன்னால். கூட்டத்துக்குள் புகுந்து பேசுவது இன்னும் வரவில்லை. மதியச் சாப்பாட்டில் நடக்கும் ஆங்கில அரட்டையில் கலந்துகொள்வதும் வரவில்லை. அதற்கெல்லாம் நாங்கள் செய்த பயிற்சி போதாது. அது வேறு திறமை, கூட இருந்தே வரும்.

போன் அழைப்புகளுக்கு இப்போதுதான் மாற்றியிருக்கிறார்கள். தொடக்கத்தில் மூத்தவர் ஒருவர் கூடவே கேட்டுக்கொண்டிருக்க, பாதி நாள் மட்டும். அவருக்கு இப்போது இடிப்பது வெளிநாட்டுப் பெயர்களின் எழுத்துக்கூட்டல். "எம்" என்றாரா "என்" என்றாரா என்று தெரியாமல் மின்னஞ்சல் முகவரி தப்பாகப் போகிறது. எழுத்துக்கு ஒரு நகரப் பெயர் வைத்து, "எம் ஃபார் மதுரை" மாதிரி கேட்கப் பார்த்தார், அவர்களுக்கு மதுரை தெரியவில்லை. இப்போது மும்பையும் நியூயார்க்கும் வைத்து ஒரு பட்டியல் எழுதி மேசையில் ஒட்டியிருக்கிறார்.